லேப்டாப்பின் கீல் எங்கே உடைகிறது?

தினமும் பையில் போய்வரும் லேப்டாப்பை வாங்கும்போது பலரும் மூடியை விரலால் தட்டிப் பார்க்கிறார்கள். அலுமினியம் என்றால் உறுதி, பிளாஸ்டிக் என்றால் மட்டம் என்று முடிவும் கட்டிவிடுகிறார்கள். ஆனால் பார்க்க வேண்டிய இடம் கீல்.

கீலுக்குள் ஓர் எஃகுத் தண்டும், அதை இறுகக் கவ்வும் உலோகத் துண்டுகளும் இருக்கின்றன. அந்த உராய்வால்தான் திரை நாம் விட்ட கோணத்தில் நிற்கிறது. கீல் முறிவது அரிது. அதைப் பிடித்திருக்கும் இடம்தான் பிய்யும். பிளாஸ்டிக் உடலில் சிறு தூண்களுக்குள் பித்தளை மரைக்குழல்களைச் சூடாக்கி அழுத்திப் பதித்திருப்பார்கள். கீலின் தகடு அவற்றில்தான் திருகப்பட்டிருக்கும்.

ஒரு கணக்குப் போடலாம். மூடியின் விளிம்பு கீலிலிருந்து 20 செ.மீ. தள்ளியும், திருகுகள் 2 செ.மீ. தள்ளியும் இருப்பதாகக் கொள்வோம். இறுகிய கீலைத் திறக்க விளிம்பில் 1 கிலோ எடையளவு விசை கொடுத்தால், திருகுகளை ஏறத்தாழ 10 கிலோ இழுக்கிறது. நடுவில் பிடித்துத் திறந்தால் இரு கீல்களும் அதைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் அந்தப் பக்கத்துக் கீலே பெரும்பங்கைச் சுமக்கும். நாளாக நாளாக உள்ளிருக்கும் கிரீஸ் வற்றி உராய்வு கூடினால் தேவைப்படும் விசையும் கூடும். ஒரு மரைக்குழல் பெயர்ந்துவிட்டால் அதன் சுமை மற்றவற்றின் மேல் விழுந்து, அவையும் அடுத்தடுத்துப் பெயரும்.

அலுமினியம் இதிலிருந்து காப்பாற்றுமா? ஒரே கட்டியிலிருந்து குடைந்தெடுத்த உடல் என்றால் பெரும்பாலும் ஆம். 2008-இல் வந்த அலுமினிய மேக்புக்கின் உடல் அப்படிப்பட்டது. ஆனால் விலை குறைந்த பல மாடல்களில் மேல்மூடி மட்டுமே மெல்லிய அலுமினியத் தகடு. கீல் பற்றியிருப்பது அடியிலுள்ள பிளாஸ்டிக்கில். கையில் படும் உலோகம் அங்கே கீலுக்கு உதவுவதில்லை. மாறாக, பிளாஸ்டிக் மேலுறைக்குள் மக்னீசியக் கலவைச் சட்டகம் வைத்த லேப்டாப்களும் உண்டு. அவற்றை நான் தயங்காமல் வாங்குவேன்.

பைக்குள் நேரும் அடி வேறு வகை. அலுமினியம் நசுங்கினால் நசுங்கியபடியே நிற்கும். பிளாஸ்டிக் வளைந்து மீளும், ஆனால் வளையும்போது அழுத்தத்தைத் திரைக்குக் கடத்திவிடும். சார்ஜர் கட்டி மூடியோடு ஒட்டிக் கிடந்தால், நெரிசல் பேருந்தில் பை அழுந்தும்போது திரை உள்ளுக்குள் விரிசல் விடும். அதனால் சார்ஜருக்குத் தனி அறை வேண்டும்.

கீலின் பிடிப்பு பெயர்வதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். மெதுவாகத் திறந்து பக்கவாட்டில் பாருங்கள். கீல் அருகே உறை பிளந்து இடைவெளி தெரிந்தாலோ, 'கிரீச்' என்று சத்தம் வந்தாலோ மேலும் திறந்து மூடாதீர்கள். திரைக்குச் செல்லும் வயரும் அந்த வழியாகத்தான் போகிறது. உடனடிப் பசை போட்டால் சில நாளில் மீண்டும் பிய்த்துக்கொள்ளும். மரைக்குழல் பதிந்த உறையை மாற்றச் சொல்லுங்கள். அப்போதே கீலின் நட்டைச் சற்றுத் தளர்த்தித் தரவும் கேளுங்கள். நட்டு இல்லாத கீல் என்றால், இறுகிய கீலையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.