சம்ப் வால்வை மூடிவிட்டீர்களா?

நாளை புதன் காலை 10 மணிக்குக் குடிநீர் நிற்கிறது. வியாழன் காலை 10 மணிக்குத் திரும்பும் என்கிறது தென்சென்னைக் குடியிருப்பு ஒன்றின் நலச்சங்க அறிவிப்பு. இதைப் படித்த வாசகர்கள் பலர் கேட்டிருப்பது ஒன்றுதான்: வியாழன் பத்து மணிக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருமா?

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணி என்பது குடிநீர் வாரியம் பிரதான வால்வைத் திறக்கும் நேரம். காலிக் குழாய் நிரம்பி, உள்ளிருக்கும் காற்று வெளியேறி, கடைசித் தெருவில் அழுத்தம் ஏற இரவாகலாம். 'விநியோகம் படிப்படியாகச் சீராகும்' என்று அதிகாரிகள் சொல்வது இந்தக் காத்திருப்பைத்தான்.

அதைவிடக் கவலை தருவது, சங்கம் கடைசி வரியில் சொல்லியிருக்கும் விஷயம்: 'புதன் காலை 10 மணிக்குள் சம்ப்புக்கு வரும் வால்வை மூடவும்.' வராத தண்ணீருக்கு எதற்கு வால்வை மூடுவது?

குழாயில் அழுத்தம் இருக்கும்வரை ஓட்டை விரிசல் வழியே தண்ணீர் வெளியே கசியும். அழுத்தம் போனதும் வெளியே தேங்கிய சாக்கடை நீர் உள்ளே இறங்கும். மறுபடி தண்ணீர் விடும்போது அதுவும் துருவும்தான் முதலில் வந்து சேரும். அந்த நேரத்தில் சம்ப்பில் நீர்மட்டம் தாழ்ந்து, மிதவை இறங்கி, மிதவை வால்வு முழுதாகத் திறந்திருக்கும். இரவு இரண்டு மணிக்கு அழுக்கு நீர் தானாக உள்ளே போகும். விடிந்ததும் மோட்டார் அதை மாடித் தொட்டிக்கு ஏற்றிவிடும். யார் கண்ணிலும் படாது.

வால்வு மூடியிருந்தால் தப்பிக்கலாம். தண்ணீர் வந்ததும் சம்ப்புக்கு முன்னால் உள்ள குழாயைத் திறந்து, வாளியில் பிடித்துப் பாருங்கள். கலங்கலும் நாற்றமும் போகும்வரை வழியவிட்டு, பிறகு வால்வைத் திறக்கலாம். தெளிந்த நீரெல்லாம் சுத்தமான நீர் ஆகாது. குளோரின் சோதனைத் துளிகளை விட்டும் நிறம் மாறவில்லையென்றால் அதைக் குடிக்க வேண்டாம்.

மாற்று ஏற்பாட்டில் சங்கத்தின் கணக்கு சரிதான். 24 வீடு, வீட்டுக்கு நால்வர், தலைக்கு 135 லிட்டர் என்றால் நாளொன்றுக்குச் சுமார் 13,000 லிட்டர். தாமதத்தையும் சேர்த்து இரண்டு நாளுக்கு 26,000. சம்ப்பில் 15,000, மாடியில் 5,000 இருக்கிறது. குறைவது 6,000, அதற்கு ஒரு லாரி, புதன் மாலை 4 மணிக்கு. லாரிக்காரர் ஹோஸை நேரே சம்ப்புக்குள் விடுவார், ஆகவே மூடிய வால்வு இடைஞ்சல் இல்லை.

போர் தண்ணீர்? கழிவறைக்கும் துணிக்கும் மட்டும்.

ஆர்.ஓ. இயந்திரம்? அணைத்துவையுங்கள், நல்ல நீரைவிடக் கழிவாக விடுவதே அதிகம்.

கொதிக்கவைத்தால் போதுமா? கிருமி சாகும், துரு போகாது.

தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுக்கலாமா? சட்டவிரோதம், சாக்கடையையும் சேர்த்து இழுக்கும்.