முதல் வயலின்: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் வாத்தியம் தேடும் வீடுகளில் பெரும்பாலும் அடிபடும் பெயர்கள் கீபோர்டு, மிருதங்கம், வீணை, வயலின். கீபோர்டில் கட்டையை அழுத்தினாலே சரியான சுரம் வந்துவிடும். சுருதி சேர்க்கும் வேலையும் இல்லை. சினிமாப் பாட்டும் மேற்கத்திய இசையும் கற்க அது நல்ல தொடக்கம். கர்நாடக சங்கீதம்தான் நோக்கம் என்றால், கமகத்தை அதன் கட்டைகளில் கொண்டுவர முடியாது. மிருதங்கத்துக்கு வாங்கும் விலையோடு செலவு முடிவதில்லை. தோல் தேயத் தேய மூட்டு மாற்ற வேண்டும். வீணை விலையும் கூட, சிறு உடம்புக்குப் பாரமும் கூட.

வயலினுக்கு உள்ள தனி வசதி, அது பிள்ளையின் உடம்புக்கேற்ற அளவுகளில் கிடைப்பது. வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்ற கேள்வி எழுவதும் அதனால்தான். இடக்கையை நேராக நீட்டி, கழுத்திலிருந்து உள்ளங்கையின் நடுவரை அளக்க வேண்டும். ஏறத்தாழ 20 அங்குலம் வந்தால் அரை சைஸ், 22 வந்தால் முக்கால், 23-க்கு மேல் முழு சைஸ். பத்து வயதில் பெரும்பாலோருக்கு அரையோ முக்காலோதான் பொருந்தும். "எப்படியும் வளரத்தானே போகிறான்" என்று முழு சைஸ் வாங்கிவிடுவது வழக்கமான தவறு. கர்நாடக முறையில் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதியைக் கணுக்காலில் சாய்த்து வாசிப்பதால் எடை தெரியாது என்பது உண்மைதான். ஆனால் எட்டாத விரலைக் கால் எட்ட வைக்காது. சுண்டுவிரல் தன் இடத்துக்கு எட்டாமல் மணிக்கட்டு வளைந்தால், சுரம் தாழ்ந்தே பழகிவிடும்.

முக்கால் சைஸ் இரண்டு மூன்று ஆண்டுகளில் சிறிதாகிவிடும். ஆகவே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. புது வயலின் 8,000 ரூபாய், வாடகை மாதம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய வயலினைத் திருப்பி விற்றால் பாதி விலை கிடைக்கும் என்றால் இழப்பு 4,000. வாடகை அந்தத் தொகையைத் தொட எட்டு மாதம் ஆகும். அதற்குள் பிள்ளை நிறுத்திவிட்டால் வாடகைதான் லாபம். தாண்டி வாசித்தால் வாங்குவதே லாபம். வாடகைக்கு விடும் கடை எல்லா ஊரிலும் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் பாட்டு வாத்தியாரிடம் கேட்டால், மூத்த மாணவர்கள் விட்டுப்போன சிறிய வயலின் ஒன்று அகப்படலாம். எடுக்கும்முன் மூன்று விஷயங்களைப் பேசிக்கொள்ள வேண்டும்: முன்பணம் எவ்வளவு திரும்பும், தந்தி அறுந்தால் செலவு யாருடையது, பிறகு வாங்கினால் கட்டிய வாடகை விலையில் கழியுமா. ஏற்கெனவே விரிசல் இருந்தால் அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்வது பின்னால் வரும் தகராறைத் தவிர்க்கும்.

மிக மலிவான வயலினில் இரண்டு குறைகள் அடிக்கடி வரும். ஒன்று, பிரடை நிற்காமல் நழுவுவது. சுருதி சேர்த்து ஐந்து நிமிடம் வைத்துவிட்டுத் திரும்பக் கேட்டால் தெரிந்துவிடும். மற்றொன்று, குதிரை உயரமாக இருப்பது. தந்திக்கும் விரல் பலகைக்கும் இடையே இடைவெளி கூடி, அழுத்தும் விரல் சீக்கிரம் வலிக்கும். பிள்ளை சோம்பல்படுவதாக வீட்டில் நினைப்பார்கள். குதிரையைச் செதுக்கிச் சரிசெய்வது பழுதுபார்ப்பவருக்குச் சிறு வேலைதான். புது வில்லில் ஒலியே வராவிட்டால் அது குறையல்ல. ராசின் தேய்க்க வேண்டும்.

வாடகை மாதங்களில் கவனிக்க வேண்டியது பழக்கம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தைவிட நாள்தோறும் இருபது நிமிடம் மேல். வயலினில் விரலுக்கு அடையாளம் சொல்லும் மெட்டுகள் கிடையாது; காதும் விரலும் சேர்ந்துதான் இடத்தைக் கண்டுபிடிக்கின்றன. ஒரு வாரம் விட்டால் அந்த நினைவு மங்கிவிடும். முதல் மாதங்களில் சரளி வரிசையே கரகரவென்றுதான் கேட்கும், அதை வைத்துத் திறமையை எடைபோடக் கூடாது.

பயிற்சி நின்றுபோவதற்குப் பல வீடுகளில் உண்மைக் காரணம் சுருதி சேராத வயலின். ச-ப-ச-ப என நான்கு தந்திகளையும் தானே சேர்க்கப் பத்து வயதில் பலருக்கும் வராது. பெரியவர் ஒருவர் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். நான்கு தந்திகளுக்கும் அடியில் சிறு திருகுகள் உள்ள வயலினாக எடுத்தால் பிரடையை அதிகம் தொட வேண்டியிராது. ஆறு மாத முடிவில் சொல்லாமலே பெட்டியைத் திறக்கும் நாட்கள் வாரத்தில் நான்கைந்து இருந்தால் வாங்கலாம். ஆனால் கையை மறுபடி அளந்த பிறகே. 23 அங்குலத்தை நெருங்கிவிட்டிருந்தால் இன்னும் சில மாதம் வாடகை கட்டிவிட்டு நேராக முழு சைஸ் வாங்குவது மிச்சம்.