நாலா, அஞ்சா?

பிரிட்டன் அரசு வேலைக்கான நேர்காணலில், ஒவ்வொரு பதிலுக்கும் ஒன்றிலிருந்து ஏழு வரை மதிப்பெண் போடுகிறார்கள். 2018இல் வந்த ‘சக்சஸ் ப்ரொஃபைல்ஸ்’ என்ற முறை இது. சேர்ந்து வேலை செய்வது, முடிவெடுப்பது, தரமான சேவை தருவது என்று ஒன்பது நடத்தைகள் உண்டு. அவற்றில் அந்தப் பதவிக்குத் தேவையானவற்றைப் பற்றிக் கேட்பார்கள். மூன்று என்றால் சாதகமான சான்று ஓரளவு, கூடவே கொஞ்சம் பாதகமும். நான்கு என்றால் சாதகம் போதுமான அளவு. பாதகம் இருந்தாலும் கவலைப்படும்படி இல்லை. ஐந்து என்றால் சாதகம் கணிசம். அளவுகோல் அவ்வளவுதான். ‘இப்படிச் சொன்னால் நான்கு, இப்படிச் சொன்னால் ஐந்து’ என்று மாதிரிப் பதில் எதுவும் அதில் இல்லை.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். கீழ்நிலை எழுத்தரிலிருந்து உயர் அதிகாரி வரை, ஒன்பது நடத்தைகளுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தியாக வேண்டும். ஆனால் ‘போதுமான’ எங்கே முடிகிறது, ‘கணிசமான’ எங்கே தொடங்குகிறது என்பதை மதிப்பெண் போடுகிறவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. நேர்காணல் அறையில் இல்லாமல், பேச்சின் எழுத்துப்படியை மட்டும் படித்து மதிப்பிடுகிறவருக்கு இது இன்னும் சிக்கல்.

ஒரு பதிலை எடுத்துக்கொள்வோம். நான் புனைந்ததுதான், ஆனால் இந்த வகைப் பதில்கள் சாதாரணம். கேள்வி, தரமான சேவை பற்றியது.

“புகார்க் கடிதம் நிறையத் தேங்கிப் போச்சு. நாங்க எல்லாரும் உட்கார்ந்து பிரிச்சோம். நான் ஒவ்வொண்ணுக்கும் என்ன காரணம்னு ஒரு அட்டவணை போட்டேன். பாதிக்கு மேல ஒரே காரணம், படிவத்துல ஒரு கேள்வி யாருக்கும் புரியல. மேலாளர்கிட்ட சொல்லி அந்தக் கேள்விய மாத்த வச்சேன். மூணு வாரத்துல தேக்கம் தீர்ந்துச்சு. ஒருத்தர் மட்டும் ரொம்பக் கோபமா எழுதியிருந்தாரு, அத நான் இன்னொருத்தர்கிட்ட விட்டுட்டேன்.”

முதல் வேலை, எண்ணைப் பற்றி யோசிக்காமல் செயல்களைப் பிரிப்பது. அட்டவணை போட்டது, பொதுக் காரணத்தைக் கண்டது, படிவத்தை மாற்ற வைத்தது மூன்றும் ‘நான்’ செய்தவை. கடிதங்களைப் பிரித்தது ‘நாங்கள்’ செய்தது. அதில் இவர் பங்கு எவ்வளவு என்று தெரியாது. தேக்கம் தீர்ந்தது ஒரு விளைவு. ஆனால் படிவம் மாறியதாலா, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்ததாலா என்று பதில் சொல்லவில்லை.

இனி அந்தக் கோபக்காரர் கடிதம். ஒரு மதிப்பீட்டாளர் இதைத் தட்டிக்கழிப்பு என்று படித்து மூன்று போடலாம். இன்னொருவர், ‘பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் இவருக்கு இருந்திருக்காது’ என்று தானே ஒரு காரணம் கண்டுபிடித்து ஐந்து போடலாம். இரண்டுமே எழுத்துப்படியில் இல்லாததை எழுதிச் சேர்ப்பதுதான். அங்கே இருப்பது ‘விட்டுட்டேன்’ என்ற ஒரு சொல். ஏன் விட்டார் என்று யாரும் கேட்கவில்லை. அதனால் இதைச் சிறு பாதகமாகக் குறிக்கலாம். கவலைக்குரியது என்று சொல்ல ஆதாரம் போதாது.

அதேபோல், புகார் கொடுத்தவர்களுக்கு இவர் என்ன தகவல் சொன்னார் என்பதும் பதிலில் இல்லை. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சொல்லாதது பாதகச் சான்று ஆகாது. சாதகக் கணக்கில் ஒன்று குறைகிறது, அவ்வளவுதான். ஆனால் தரமான சேவை என்ற நடத்தையில் வாடிக்கையாளரிடம் தெளிவாக விளக்குவதும் அடக்கம். அது இல்லாமல் ‘கணிசம்’ என்று சொல்வது கடினம். நான் நான்கு போடுவேன்.

அடுத்தவர் ஐந்து போட்டிருந்தால்? நாலரை என்று சமரசம் பேசுவது சோம்பேறித்தனம். இருவரும் எந்த வரியை எப்படி எண்ணினோம் என்று காட்ட வேண்டும். பெரும்பாலும் சண்டை எண்ணில் இருக்காது, ஒரே வரியில் இருக்கும்.

மாதிரி இல்லாத இடத்தில் மனசு தானாகவே மாதிரி தேடிக்கொள்ளும். முதலில் படித்த ரெண்டு மூன்று பதில்கள்தான் அந்த மாதிரி. அவை சுமாராக இருந்தால் அடுத்து வரும் நடுத்தரப் பதிலுக்கு ஆறு கிடைத்துவிடும். 1963இல் உளவியலாளர்கள் பாட்ரீசியா ஸ்மித்தும் லோர்ன் கெண்டலும் செவிலியர் பணியை மதிப்பிட அளவுகோல் செய்தபோது, தலைமைச் செவிலியர்கள் வாயிலாகவே உண்மையான நடத்தை உதாரணங்களைத் திரட்டி ஒவ்வொரு படிக்கும் பொருத்தினார்கள். அப்படி உதாரணம் கையில் இல்லாதபோது, பதில்களைப் பிரிக்கும் முன்பே குழு கூடி, இந்தப் பதவிக்கு, இந்தக் கேள்விக்கு நான்கு வாங்கும் பதிலில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நாலு வரி எழுதிக்கொள்வது நல்லது. கட்டு முடிந்ததும் முதலில் படித்த பதில்களை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். அவற்றின் மதிப்பெண் இப்போது மாறும் என்று தோன்றினால் அளவு இடையில் நகர்ந்திருக்கிறது; நடுவில் படித்தவற்றையும் திரும்பப் பார்த்தாக வேண்டும்.