மெதுவாகத் தூக்கினால் தசை கூடுதலாக வளருமா?

எடைப் பயிற்சியில் ஒரு ரெப்பை எத்தனை வினாடியில் முடிப்பது என்ற கணக்கே டெம்போ. பயிற்சியாளர்கள் இதை நான்கு எண்களால் குறிப்பார்கள். ‘3-1-1-0’ என்றால் எடையை இறக்க 3 வினாடி, கீழே 1 வினாடி நிறுத்தம், ஏற்ற 1 வினாடி, மேலே நிற்காமல் உடனே அடுத்த ரெப். ஒரு ரெப்புக்கு 5 வினாடி ஆகிறது. 8 ரெப் கொண்ட செட்டுக்கு 40 வினாடி. ஒரு செட்டில் தசை இப்படிச் சுமையைத் தாங்கியிருக்கும் மொத்த நேரத்தை ‘டைம் அண்டர் டென்ஷன்’ என்கிறார்கள். இந்த நேரம் கூடினால் தசையும் கூடும் என்பது ஜிம்களில் பரவலாக நிலவும் நம்பிக்கை.

வேகம் மாறும்போது தசை செலுத்தும் விசை மாறுகிறது. கையில் 10 கிலோ டம்பெல்லைப் பிடித்து, மெதுவாக, சீராக மேலே கொண்டுவரும்போது அந்த எடையைத் தசை வழிநெடுக இடைவிடாமல் தாங்க வேண்டியிருக்கிறது. அதையே வெடுக்கென்று தூக்கினால், தொடக்கத்தில் எடையை முடுக்கிவிடக் கூடுதல் விசை தேவைப்படுகிறது. பிறகு டம்பெல் தன் வேகத்திலேயே மேலே போவதால் பாதைக்கு நடுவில் தசையின் பாரம் குறைந்துவிடுகிறது. முதுகை ஆட்டி, இடுப்பை உந்தித் தூக்குபவர்களின் பைசெப்ஸுக்குப் பாதி வேலைகூடக் கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணம்.

ஆனால் மெதுவாகச் செய்வதற்கு ஒரு விலை உண்டு. ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒருவர் 10 கிலோ டம்பெல்லை ரெப்புக்கு 2 வினாடி வீதம் 12 முறை தூக்கிய பிறகே களைத்துப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரே ரெப்புக்கு 6 வினாடி எடுத்துக்கொண்டால் 7 முறையிலேயே கை ஓய்ந்துவிடலாம். இறுக்க நேரம் 24 வினாடியிலிருந்து 42 ஆகக் கூடியது. தூக்கிய மொத்த எடையோ 120 கிலோவிலிருந்து 70 ஆகக் குறைந்தது. 12 ரெப்பையும் மெதுவாகவே முடிக்க நினைத்தால் டம்பெல்லின் எடையைக் குறைத்தாக வேண்டும். நேரத்தை மட்டும் கூட்டி மற்றவற்றை அப்படியே வைத்திருக்க முடியாது.

தசை வளர்ச்சியைத் தூண்டுவது, தசை நார்கள் ஒவ்வொன்றும் தாங்கும் இழுவிசை. எளிதான வேலைக்கு உடல் சிறிய நார்களை மட்டும் இயக்கும். வேலை கடினமாகும்போதும் களைப்பு ஏறும்போதும்தான் வளரும் திறன் மிகுந்த பெரிய நார்களையும் அழைக்கும். லேசான எடையை மெல்ல அசைத்துவிட்டுக் களைப்பதற்கு முன்பே நிறுத்தினால், நேரம் எவ்வளவு ஓடியிருந்தாலும் பெரிய நார்களில் பல சும்மா இருந்திருக்கும்.

மெதுவான பயிற்சிக்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுவது 2012-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு. இளைஞர்கள் தங்களால் ஒரே ஒரு முறை தூக்க முடிந்த உச்ச எடையில் 30 விழுக்காட்டைக் காலால் உயர்த்தினார்கள். ஒரு காலில் ஏற்ற 6 வினாடி, இறக்க 6 வினாடி என்று முடியாமல் போகும்வரை செய்தார்கள். மற்றக் காலில் அதே எண்ணிக்கையை 1 வினாடியில் ஏற்றி 1 வினாடியில் இறக்கினார்கள். ஒரு நாள் கழித்து அளந்தபோது, மெதுவாக உழைத்த காலில் தசைப் புரத உற்பத்தி கூடுதலாக இருந்தது. ஆனால் அந்தக் கால்தான் முழுதாகக் களைத்தது. வேகமான கால் களைப்பின் எல்லையை எட்டும் முன்பே நின்றுவிட்டது. ஆகவே இந்த வேறுபாடு வேகத்தால் வந்ததா, களைப்பால் வந்ததா என்பதை இதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

இரு தரப்பும் களைப்பின் எல்லைவரை போன ஆய்வுகளை ஷோன்ஃபெல்ட் குழுவினர் 2015-இல் தொகுத்துப் பார்த்தனர். ஒரு ரெப் அரை வினாடியில் முடிந்தாலும் 8 வினாடி வரை நீண்டாலும் தசை வளர்ச்சி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. 10 வினாடியைத் தாண்டும் மிக மெதுவான முறையில் வளர்ச்சி குறைவாக இருப்பதாகவே தெரிந்தது. அவ்வளவு மெதுவாகச் செய்ய எடையை வெகுவாகக் குறைக்க வேண்டியிருப்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படியானால் மெதுவான ரெப் எப்போது உதவும்? புதிதாக ஸ்குவாட் கற்பவர் 3 வினாடியில் இறங்கினால் முட்டி உள்ளே சாய்வதும் குதிகால் எழும்புவதும் அவருக்கே தெரியும். வீட்டில் லேசான டம்பெல் மட்டும் இருப்பவர் அதே எடையைக் கடினமாக்கிக்கொள்ளலாம். பலமும் வெடிவேகமும் வேண்டும் விளையாட்டு வீரருக்கோ, கனமான எடையை முடிந்தவரை விரைவாக ஏற்ற முனைவதே பொருந்தும்.

மற்றவர்கள் வினாடிகளை எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. எடையைக் கட்டுப்பாட்டோடு 2 அல்லது 3 வினாடியில் இறக்கி, உடலை ஆட்டாமல் ஏற்றி, இன்னும் ஒன்றிரண்டு ரெப்தான் முடியும் என்ற நிலைவரை செட்டைக் கொண்டுபோனால் போதும். அந்தக் கடைசி ரெப்கள் வேகமாகத் தூக்க முயன்றாலும் தாமாகவே மெதுவாகிவிடும்; செட் போதுமான அளவு கடினமாக இருந்தது என்பதற்கு அதுவே அடையாளம்.