நிறுவனக் கணக்கில் கையெழுத்து மாறும்போது

பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் யார் கையெழுத்திடலாம் என்பதை இயக்குநர் குழுதான் முடிவு செய்கிறது. வங்கிக்குப் போகும் கடிதம் அந்த முடிவைத் தெரிவிப்பது மட்டுமே. ஆகவே முதலில் குழு கூடித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். கடிதம் அதன் தேதியைக் குறிப்பிட வேண்டும்.

கணக்கு மேலாளர் விலகுகிறார், அவர் இடத்துக்குப் புதியவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதியவருக்கு அதிகாரம் தருவதாக மட்டும் தீர்மானத்தில் எழுதிவிட்டு, பழையவரின் அதிகாரம் ரத்து என்று எழுத மறப்பது பெரிய பிழை. வங்கிப் பதிவில் அவர் கையெழுத்து அப்படியே செல்லும். 1 லட்சம் ரூபாய் வரை ஒருவர் கையெழுத்து போதும், அதற்கு மேல் ஓர் இயக்குநரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது போன்ற வரம்பையும் தீர்மானமே சொல்ல வேண்டும்.

இணைப்பாக, நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் தீர்மானத்தின் சான்றிட்ட நகல் போகும். அதில் புதியவரே சான்றிடாமல் வேறொரு இயக்குநரோ கம்பெனி செயலாளரோ சான்றிடுவது நல்லது. வங்கி தரும் மாதிரிக் கையெழுத்துப் படிவத்தில் புதியவர் கையெழுத்திட, பதவியில் தொடரும் ஒருவர் அதை உறுதிப்படுத்துவார். புகைப்படம், பான் அட்டை நகல், முகவரிச் சான்று ஆகியவையும் தேவை.

பழையவர் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலைகள் இன்னும் வெளியே இருக்கலாம். காசோலை 3 மாதம் செல்லும் என்பதால், அவற்றின் எண்களைப் பட்டியலிட்டு, பணம் தரலாமா நிறுத்த வேண்டுமா என்று கடிதம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவருடைய இணையவழி வங்கிச் சேவை அனுமதியை நீக்கவும் அதிலேயே கேட்க வேண்டும்.