ஐந்து லட்சத்தில் முதல் கார்: புதியதா, பழையதா?

காஞ்சிபுரத்தில் பட்டு வணிகம் செய்யும் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். முதன்முறையாகக் கார் வாங்க 5 லட்ச ரூபாய் சேர்த்திருக்கிறார்கள். வட்டிக்குக் கடன் வாங்க விருப்பமில்லை. ஆகவே அதற்கு மேல் ஒரு ரூபாயும் கூட்ட இயலாது. புதிய கார் வாங்குவதா, பழையதை வாங்குவதா என்பதே அவர்கள் முன்னுள்ள கேள்வி.

தேய்மானக் கணக்கு

காரின் மதிப்பு ஆண்டுதோறும் எவ்வளவு குறைகிறது என்பதற்கு இன்ஷூரன்ஸ் துறை ஓர் அட்டவணை வைத்துள்ளது. முதல் ஆறு மாதத்திற்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டு ஆண்டுக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50 சதவீதம் கழிக்கப்படுகிறது. சந்தை விலை இதிலிருந்து மாறலாம். எனினும் பேரம் பேச இது நல்ல அளவுகோல்.

புதிய காரின் ஷோரூம் விலை 4,25,000 ரூபாய் என்போம். தமிழ்நாட்டின் ஆயுள் வரி 12 சதவீதம், அதாவது 51,000. இன்ஷூரன்சும் பிற செலவும் 24,000 என வைத்தால் 5 லட்சம் தீர்ந்துவிடும். ஐந்தாண்டு கழித்து விற்றால் 2,12,500 கிடைக்கும். இழப்பு 2,87,500.

அதே காரை, நான்கு ஆண்டு நிறையும் நிலையில், 2,55,000க்கு வாங்குவோம். பெயர் மாற்றமும் இன்ஷூரன்சும் 15,000. டயர், பேட்டரி, கிளட்ச் என்று புதிய காரைவிடக் கூடுதலாக ஆகும் பழுதுச் செலவுக்கு 60,000 ஒதுக்குவோம். ஐந்தாண்டு கழித்து 1,10,000க்கு விற்றால் இழப்பு 2,20,000. மிச்சம் 67,500. விற்பவர் 3,22,500க்கு மேல் கேட்டால் அந்த மிச்சமும் கரைந்துவிடும். அப்போது புதியதே மேல்.

பலர் செய்வது வேறு. "அதே பணத்திற்குப் பெரிய வண்டி கிடைக்கிறதே" என்று, புதிதில் 7 லட்சம் விற்ற காரை 4,20,000க்கு வாங்குகிறார்கள். பெயர் மாற்றமும் இன்ஷூரன்சும் 20,000, பழுதுக்கு 60,000 சேர்ந்து, பின்னர் 1,75,000க்கு விற்றால் இழப்பு 3,25,000 ஆகிறது. புதிய சிறிய காரைவிட 37,500 அதிகம்! பழைய கார் சிக்கனம் என்பது அளவைக் கூட்டாதவர்களுக்கே பொருந்தும்.

உயிருக்கான எல்லைக்கோடு

எவ்வளவு பழையதை வாங்கலாம்? இதற்குச் சட்டமே ஒரு கோடு போட்டுள்ளது. வழுக்காமல் நிறுத்தும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 ஜூலை முதலும் கட்டாயமாயின. ஆனால் ஓட்டுநருக்கு அருகில் அமர்பவருக்கான காற்றுப்பை எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2021 டிசம்பர் 31க்குப் பின்னரே. அந்த இருக்கையில் பெரும்பாலும் அமர்வது இல்லத்தரசி அல்லவா? ஆகவே பதிவுச் சான்றிதழில் உற்பத்தி ஆண்டு 2022 அல்லது அதற்குப் பின் இருக்கட்டும்.

புதியது என்பதாலேயே உறுதியானது என்றும் எண்ணிவிடலாகாது. ஆல்டோ கே10 காரில் 2025 முதல் ஆறு காற்றுப்பைகள் வருகின்றன. அது நல்ல முன்னேற்றமே. ஆனால் 2023இல், இரண்டு காற்றுப்பைகளுடன் நடந்த குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியோர் பாதுகாப்பில் அது பெற்றது இரண்டு நட்சத்திரமே. டாடா பஞ்ச் 2021இல் அதே பிரிவில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. ஆகவே அந்த 37,500ஐக் கூடுதலாகச் செலவிட்டுப் பெரிய காரைத்தான் வாங்குவீர்களாயின், பகட்டுக்காக அன்றி நட்சத்திரத்திற்காக வாங்குங்கள்.

பார்த்து வாங்குவது எப்படி?

சென்னைக் கார்கள் நம் ஊருக்கும் விலைக்கு வரக்கூடும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலடித்த 2023 டிசம்பரிலும் அங்கு எத்தனையோ கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக்கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி எனச் சந்தேகியுங்கள். இருக்கைத் தண்டவாளத்தில் துருவும், தரைவிரிப்பின் கீழ் ஈரவாடையும் அதே செய்தியைச் சொல்லும்.

அடுத்து, சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், விபத்தில் வெடித்த பையை மாற்றாமல் விளக்கைத் துண்டித்திருக்கலாம். அணையாமல் எரிந்தாலும் கோளாறே. இரண்டில் எதுவாயினும் அந்தக் காரை விட்டுவிடுங்கள். சர்வீஸ் ரசீதுகளிலுள்ள கிலோமீட்டரை மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; பழைய ரசீதில் அதிகமாக இருந்தால் மீட்டர் திருத்தப்பட்டது என்று பொருள்.

பணம் முழுவதையும் கொடுக்குமுன் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையொப்பம் பெறுங்கள். கார் கடனில் வாங்கப்பட்டிருந்தால் படிவம் 35உம் வேண்டும். இன்ஷூரன்சை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். தவறினால், விபத்தில் உங்கள் காருக்கு நேரும் சேதத்திற்கு இழப்பீடு கிடைப்பது கடினம்.

சுருங்கச் சொன்னால், 2022க்குப் பிந்திய, வெள்ளம் காணாத சிறிய கார் 3,22,500 ரூபாய்க்குள் கிடைத்தால் பழையதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் புதியதே சிக்கனம்.