ஒரு பில், பதின்மூன்று மாதங்கள்

திருப்பூரில் சிறிய பின்னலாடை யூனிட் நடத்தும் ஒருவருக்கு மாதக் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். 2024 செப்டம்பர் முதல் வாரத்தில் ஆகஸ்ட் மாத லாப நட்டக் கணக்கை அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"ஏனுங்க சார், ஆகஸ்ட்டுல ஆர்டர் நல்லாத்தானுங்க போச்சு. அப்புறம் எப்படிங்க லாபம் இப்படி இறங்குச்சு?"

திறந்து பார்த்தேன். இன்ஷூரன்ஸ் செலவு என்ற வரியில் 73,000 ரூபாய் உட்கார்ந்திருந்தது. தீ விபத்துக் காப்பீட்டுக்கான ஆண்டு பிரீமியம் அது. பணம் ஆகஸ்ட்டில் போனது உண்மை, ஆனால் அந்தப் பணத்துக்கான பாதுகாப்பு அடுத்த ஆகஸ்ட் வரை வருகிறது. ஒரு வருஷத்துச் செலவை ஒரே மாதத்தின் தலையில் கட்டிவிட்டால் அந்த மாதம் நட்டமாகவும், மீதி மாதங்கள் இல்லாத லாபத்தோடும் தெரியும். இதைச் சரிசெய்யும் வழிதான் முன்செலுத்திய செலவு. எங்கள் வாயில் 'ப்ரீபெய்ட்'.

பணம் கட்டிய அன்று அது செலவு அல்ல, சொத்து. அரிசி மூட்டை வாங்கி வைப்பது போலத்தான், தின்னத் தின்னச் செலவாகும். கம்பெனிகள் கணக்கை இப்படி வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தனியாள் தொழிலில் பலர் மார்ச் 31 அன்று மட்டும் ஒருமுறை பிரித்துப் போட்டு முடித்துக்கொள்வார்கள். மாதாமாதம் லாபம் பார்த்து விலை சொல்கிறவருக்கு அது போதாது.

இப்போது பல அலுவலகங்களில் பில்லைக் கையால் பார்த்து அடிப்பதில்லை. பிடிஎஃப் கோப்பை மென்பொருளுக்குக் கொடுத்தால் விற்றவர் பெயர், பில் எண், தேதி, தொகை, வரி எல்லாவற்றையும் பிரித்து எக்செல் வரிசையாகத் தருகிறது. சாதாரண கொள்முதல் பில்லுக்கு அது போதும். ஆண்டுப் பில்லுக்குப் போதாது. நமக்கு முக்கியமாக வேண்டியவை பில்லின் தலைப்பில் இருக்காது. பாதுகாப்பு எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது, செலவாகப் போகும் தொகை எது என்ற இரண்டும்தான் அவை.

அந்த பாலிசியையே எடுத்துக்கொள்வோம். பில் தேதி ஆகஸ்ட் 12. பாதுகாப்புக் காலம் 17.08.2024 நள்ளிரவு பூஜ்ய மணியிலிருந்து 16.08.2025 நள்ளிரவு வரை. பழைய பாலிசி 16ஆம் தேதி முடிகிறது, அதற்கு முன்பே புதுப்பித்துவிட்டார்கள், அவ்வளவுதான். மென்பொருள் எடுத்துக் கொடுத்த வரிசையில் 12ஆம் தேதி மட்டுமே இருந்தது. அதை வைத்துக் கணக்கிட்டால் ஐந்து நாள் முன்னதாகவே செலவு எழுத ஆரம்பித்துவிடுவோம்.

தொகையில் இன்னும் வேடிக்கை. ஒரே தாளில் காப்பீட்டுத் தொகை 4,20,00,000 என்று பெரிய எழுத்தில் இருக்கும். பிரீமியம் 73,000. ஜிஎஸ்டி 18 சதவீதம், 13,140. மொத்தம் 86,140. இதே வகைத் தாள் ஒன்றில் காப்பீட்டுத் தொகையையே பில் தொகையாக எடுத்துக் கொடுத்த மென்பொருளை நான் பார்த்திருக்கிறேன். கோடிக்கணக்கு என்பதால் அது உடனே கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாத தவறு, 73,000க்குப் பதில் 86,140ஐ எடுத்துக்கொள்வதுதான்.

இரண்டில் எது சரி என்பது ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவு கிடைக்குமா என்பதைப் பொறுத்தது. தொழிற்சாலைக் கட்டடம், மெஷின், சரக்கு ஆகியவற்றுக்கான காப்பீடு என்றால் இவருக்கு வரவு கிடைக்கும். அந்த 13,140 செலவே அல்ல, அரசிடம் கட்ட வேண்டிய வரியில் கழிந்துவிடும். எனவே மாதங்களுக்குப் பிரிக்க வேண்டியது 73,000 மட்டும். வரியை மாதக் கணக்கில் பிரிப்பதில்லை. பில் ஜிஎஸ்டி தளத்தில் நம் பெயரில் வந்ததும் வரவை மொத்தமாக எடுத்துக்கொள்வதுதான் நடைமுறை. இதே பில் முதலாளி ஓட்டும் காருக்கானது என்றால் கதை வேறு. சாதாரண பயணிகள் காரின் காப்பீட்டுக்கு அந்த வரவு கிடைக்காது. அப்போது முழு 86,140உம் செலவு, அதைத்தான் பிரிக்க வேண்டும். பில்லை எவ்வளவு நன்றாகப் படிக்கும் மென்பொருளும் இதைச் சொல்லாது. கட்டடத்துக்கா காருக்கா என்று தாளைத் திறந்து பார்க்கிற ஆள்தான் சொல்ல முடியும்.

சரி, பிரிப்போம். 17.08.2024 முதல் 16.08.2025 வரை, இரண்டு நாளும் சேர்த்து 365 நாள். 73,000ஐ 365ஆல் வகுத்தால் நாளுக்கு 200 ரூபாய். இப்படிச் சுத்தமாக வந்தது இந்த பில்லின் புண்ணியம், எப்போதும் வராது. ஆகஸ்ட்டில் 15 நாள், 3,000. செப்டம்பர் 6,000. அக்டோபர் 6,200. பிப்ரவரிக்கு 28 நாள் என்பதால் 5,600. இப்படியே போய் கடைசி ஆகஸ்ட்டில் 16 நாளுக்கு 3,200. பன்னிரண்டு மாத பாலிசி பதின்மூன்று மாதங்களில் கால் வைக்கிறது.

"எதுக்கு இந்த நாள் கணக்கு, பன்னிரண்டால வகுத்தாப் போச்சு" என்பவர்கள் உண்டு. மாதம் 6,083 ரூபாய் 33 பைசா. ஒன்றாம் தேதி தொடங்குகிற சந்தாவுக்கு அது தாராளமாகப் போதும், கடைசி மாதத்தில் நாலு பைசாவைக் கூட்டிப் போட்டால் தீர்ந்தது. நடுமாதத்தில் தொடங்கும் பாலிசியில் ஆகஸ்ட்டுக்கு முழு மாதம் போட்டால் மார்ச் வரை எட்டு மாதத்துக்கு 48,666 ரூபாய்க்கு மேல் செலவாகிவிடும். நாள் கணக்கில் 45,400. நிதியாண்டின் லாபத்தில் மூவாயிரத்துச் சொச்சம் வித்தியாசம். பெரிய தொகை இல்லைதான். இதே போல இருபது பில் இருந்தால்?

எக்செல்லில் ஒரே சூத்திரம் போதும். A2வில் தொகை, B2வில் தொடக்க நாள், C2வில் முடியும் நாள். D1 முதல் வலப்பக்கமாக ஒவ்வொரு மாதத்தின் ஒன்றாம் தேதி. D2வில் இதைப் போட்டுப் பதின்மூன்று கட்டங்களுக்கும் இழுக்கலாம்:

```
=ROUND($A2/($C2-$B2+1)*MAX(0,MIN($C2,EOMONTH(D$1,0))-MAX($B2,D$1)+1),2)
```

பாலிசிக் காலமும் அந்த மாதமும் எத்தனை நாள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்று எண்ணி, நாள் விலையால் பெருக்குகிறது, வேறொன்றும் இல்லை. பைசா சுருக்கத்தில் ஒன்றிரண்டு காசு இடித்தால் கடைசி மாதத்தில் சரிக்கட்டிவிடலாம்.

டேலியில் பதிவு இப்படி. பில் வந்ததும் ப்ரீபெய்ட் இன்ஷூரன்ஸ் 73,000 பற்று, உள்ளீட்டு சிஜிஎஸ்டி 6,570 பற்று, எஸ்ஜிஎஸ்டி 6,570 பற்று, காப்பீட்டு நிறுவனம் 86,140 வரவு. ப்ரீபெய்ட் லெட்ஜர் நடப்புச் சொத்துகளின் கீழ் இருக்க வேண்டும். அவசரத்தில் அதைச் செலவுத் தலைப்பின் கீழ் உருவாக்கி வைத்துவிட்டால் இவ்வளவு வேலையும் வீண், தொகை மறுபடி லாப நட்டக் கணக்கிலேயே போய் விழும். பிறகு ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒரு ஜர்னல்: இன்ஷூரன்ஸ் செலவு பற்று, ப்ரீபெய்ட் இன்ஷூரன்ஸ் வரவு. முதல் ஜர்னல் 31.08.2024 அன்று 3,000. விளக்கக் குறிப்பில் பாலிசி எண்ணையும் காலத்தையும் எழுதிவிடுவது என் வழக்கம். ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் கேட்கும்போது தாளைத் தேட வேண்டியதில்லை.

மென்பொருள் சந்தா பில்களில் தேதிதான் பெரிய தொல்லை. அமெரிக்க நிறுவனத்தின் பில்லில் 05/09/2024 என்று இருந்தால் அது மே 9. நம் கணினி அதைச் செப்டம்பர் 5 என்று படித்துவிடும். மாதத்தை எழுத்தில் போட்ட இடம் பில்லில் எங்காவது இருக்கும், பெரும்பாலும் பொருளின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில். அதைத்தான் நம்ப வேண்டும். இன்னொன்று, வருஷ நடுவில் இரண்டு பேருக்குக் கூடுதல் லைசன்ஸ் வாங்கினால் அதன் காலம் வாங்கிய நாளில் தொடங்கி, பெரும்பாலும் பழைய சந்தா முடியும் நாளிலேயே முடியும். அதற்கும் 365 நாள் போட்டால், சந்தா முடிந்த பிறகும் செலவு எழுதிக்கொண்டிருப்போம்.

எல்லா ஆண்டுப் பில்லுக்கும் இந்தப் பாடு வேண்டாம். 1,200 ரூபாய்க்கு இணைய முகவரி புதுப்பித்ததை மாதம் நூறு நூறாகப் பிரிப்பவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். இந்த யூனிட்டில் 10,000 ரூபாய்க்குக் கீழே என்றால் வந்த மாதத்திலேயே செலவு என்று வைத்திருக்கிறோம். அளவு எதுவாகவும் இருக்கலாம், வருஷத்துக்கு வருஷம் மாற்றாமல் இருந்தால் சரி.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மாதக் கடைசியில் மீதி நாட்களை எண்ணி நாள் விலையால் பெருக்க வேண்டும், லெட்ஜர் மீதியும் அதே தொகையைக் காட்ட வேண்டும். ஆகஸ்ட் 31 அன்று மீதி 350 நாள், 70,000 ரூபாய். மார்ச் 31 அன்று மீதி 138 நாள், 27,600 ரூபாய். அன்றைய ஐந்தொகையில் சொத்தாக நிற்க வேண்டியது இதுதான்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அதே யூனிட்டின் இன்னொரு பாலிசியில் பார்த்தேன். தொகை, காலம் எல்லாம் கிட்டத்தட்ட இதேதான், நாளுக்கு 200 ரூபாய். பாலிசி முடிந்த பிறகும் ப்ரீபெய்ட்டில் 2,600 ரூபாய் தங்கி நின்றது. கணக்கு எழுதும் தம்பி இரண்டு நாள் பில்லைப் புரட்டிக்கொண்டிருந்தான், பில்லில் ஒரு குறையும் இல்லை. 2,600ஐ 200ஆல் வகுத்தேன். பதின்மூன்று. "தம்பி, சூத்திரத்தோட கடைசியில அந்த ஒன்னைக் கூட்டினியா?" என்றேன். கூட்டவில்லை. 31இலிருந்து 17ஐக் கழித்தால் 14தான், ஆனால் நாள் 15. ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் விடுபட்டு, பதின்மூன்று கட்டங்களில் பதின்மூன்று நாள். முதல் மாதக் கடைசியிலேயே லெட்ஜர் 70,000க்குப் பதில் 70,200 காட்டியிருக்கும்.